மாலையில் மெஷின் கழுவும் அரை மணி நேரம்: சிறு அச்சகத்தில் உருளை இடுக்கும் கரைப்பான் ஆவியும்

கேள்வி: "கும்பகோணத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். ஒற்றை நிற ஆஃப்செட் ஒன்று, நம்பர் போட ஒரு டிரெடில், பின்னறையில் தாம்பூலப் பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங். மாலையில் மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்து மெஷின் கழுவுகிறோம்; பிளாங்கெட்டை மெஷின் ஓடும்போதே துடைத்துவிடுவது வழக்கம். தம்பிக்குக் கொஞ்ச நாளாகத் தினமும் தலைவலி. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சரியாகிவிடுமா? ஓடும்போது துடைப்பது அவ்வளவு பெரிய தவறா, ஐயா?"

ஃபேன் மட்டும் போதாது. ஓடும்போது துடைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இரண்டும் ஒரே வேலையில்தான் வந்து முடிகின்றன. சிறு அச்சகத்தில் பகல் முழுக்க மை பூசி அச்சடிக்கும் நேரத்தைவிட மாலையில் மெஷின் கழுவும் அரை மணி நேரத்தில் ஆபத்து அதிகம். கை உருளைக்கு மிக அருகில் போவதும், பாதுகாப்பு மூடி திறந்திருப்பதும், காற்றில் ஆவி மிகுவதும், ஆட்கள் களைத்திருப்பதும் அப்போதுதான்.

முதலில் இடுக்கைப் பார்ப்போம். பிளேட் சிலிண்டரும், அதிலிருந்து மையை வாங்கித் தாளுக்குக் கொடுக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட் சுற்றிய சிலிண்டரும் எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஆகவே அவை சேரும் கோட்டின் ஒரு பக்கம் எதையும் உள்ளே இழுக்கும்; மறுபக்கம் வெளியே தள்ளும். மை உருளைகள் ஒவ்வொன்றுக்கும் இடையிலும் இதே கதைதான். மெதுவாகத்தானே ஓடுகிறது என்று மெஷின்மேன்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 3,000 தாள் என்ற குறைந்த வேகத்தில் சிலிண்டர் நிமிடத்துக்கு 50 சுற்று சுற்றுகிறது. சுற்றளவு ஏறக்குறைய அரை மீட்டர் என்றால், அதன் மேற்பரப்பு ஒரு நொடியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் நகர்கிறது. ஏதோ இழுக்கிறது என்று உணர்ந்து கையைப் பின்வாங்க மனிதனுக்குக் குறைந்தது கால் நொடி தேவை. அதற்குள் 10 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கும். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வரை உள்ள தூரம் அவ்வளவுதான். ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் மெஷின் அந்த இடத்திலேயே நிற்பதில்லை. தன் எடையின் வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றித்தான் ஓயும்.

பெரும்பாலும் இடுக்கு முதலில் கையைப் பிடிப்பதில்லை, துணியைத்தான் பிடிக்கிறது. மெஷின் பழுது பார்க்கப் போகிற தொழில் எனக்கு. மயிலாடுதுறைப் பக்கம் ஓர் அச்சகத்தில் விபத்து நடந்த மறுநாள் போனேன். துடைக்க வைத்திருந்தது திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். மை நன்றாக இழுக்கும் துணிதான். ஆனால் அதன் வெட்டு ஓரம் சுருண்டு நூல் பிரிந்து தொங்கும். அதை நழுவாமல் இருக்கட்டும் என்று அந்தப் பையன் விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். ஓடும் பிளாங்கெட்டின் மேல் அழுத்தித் துடைத்தபோது தொங்கிய ஒரு முனை இடுக்கில் சிக்கியது. சுற்றியிருந்த துணி விரல்களை இறுக்கி, கையைக் கூடவே கொண்டுபோய்விட்டது. அவன் துடைத்தது வெளியே தள்ளும் பக்கத்தில். அதனால்தான் பயமில்லை என்று நினைத்திருக்கிறான்.

அந்தப் பக்கமும் முழுப் பாதுகாப்பு அல்ல. பிளாங்கெட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டைகள் இருக்கும் பள்ளம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கடந்து போகிறது. அதன் விளிம்பு துணியைக் கொத்திக்கொண்டு, முழுச் சுற்றுச் சுற்றி, இழுக்கும் பக்கத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எந்தப் பக்கம் நின்று துடைக்கலாம் என்ற கேள்விக்கே இடமில்லை. நின்ற மெஷினில் மட்டுமே துடைக்கலாம்.

முறை இதுதான். மெஷினை நிறுத்துங்கள். கைக்குட்டை அளவுத் துணியை ஓரங்கள் உள்ளே போகுமாறு நான்காக மடித்து உள்ளங்கையில் தட்டையாகப் பிடியுங்கள், விரலில் சுற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பிளாங்கெட் பகுதியை, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும், துடைத்து முடியுங்கள். கையையும் துணியையும் முழுவதுமாக வெளியே எடுங்கள். பிறகு இன்ச்சிங் பட்டனைத் தொட்டு அடுத்த பகுதியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். நான்கைந்து முறையில் முழுச் சுற்றும் முடிந்துவிடும். கூடுதலாக ஆகும் நேரம் இரண்டு, மூன்று நிமிடம். துடைப்பவர் கையில்தான் பட்டன் இருக்க வேண்டும். அண்ணன் பட்டன் அழுத்த, தம்பி துடைக்க என்று இருவர் சேர்ந்து செய்வது வேகமாகத் தோன்றும். ஒருவர் 'போதும்' என்று சொன்னது மற்றவர் காதில் 'போடு' என்று விழுந்தால் போதும், கை போய்விடும்.

மை உருளைகளைக் கழுவுவது வேறு. அதை ஓட விட்டுத்தான் கழுவ வேண்டும். மெஷினின் அமைப்பே அப்படி. கழுவும் தட்டை மாட்டி, அதன் ரப்பர் பட்டையை உருளையோடு சேர்த்து, மூக்கு நீண்ட பாட்டிலால் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் கரைந்த மை வழிந்து தட்டில் விழும். அங்கே கைக்கு வேலையே இல்லை. உருளையின் இரண்டு ஓரங்களில் மை உலர்ந்து தங்குகிறது என்று துணியை நீட்டுவார்கள், வில்லங்கம் அங்கேதான். ஓரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். தட்டு உடைந்து எங்கோ கிடக்கிறது என்றால் அதைத் தேடிச் சரிசெய்வதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு.

இன்னொன்றையும் இன்றே சோதித்துவிடுங்கள். பாதுகாப்பு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையை எடுத்துவிட்டு, ரன் பட்டனை அழுத்துங்கள். மெஷின் ஓடக் கூடாது. இன்ச்சிங் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். ஓடினால் மூடிக்குள் இருக்கும் சிறு சுவிட்சை யாரோ ஒயர் வைத்து நேரடியாக இணைத்திருக்கிறார்கள். கைமாறி வரும் பழைய மெஷின்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சுவிட்ச் பழுதானபோது அவசரத்துக்கு ஒயர் வைத்திருப்பார்கள். அது அப்படியே நின்றுவிடும். புதுச் சுவிட்சுக்கு ஆகும் விலை ஒரு ரீம் தாளின் விலையைத் தாண்டாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவே அபாயமான பாகங்களை மூடி வைக்கச் சொன்னது. மூன்று பேர் வேலை செய்யும் அச்சகம் அந்தச் சட்டத்தின் கணக்கில் வரவில்லை, யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். அதனால் நீங்களேதான் பார்க்க வேண்டும்.

டிரெடிலைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே உருளை இடுக்கைவிட, இரண்டு தட்டுகள் வாய் போல மூடுவதுதான் ஆபத்து. தாள் கோணலாக விழுந்தால் அதைச் சரிசெய்யக் கையை மறுபடி உள்ளே விடக் கூடாது. அழுத்தம் தவிர்க்கும் கைப்பிடியைத் தள்ளிவிட்டு, அந்தத் தாளை வீணாக விடுங்கள். பில் புக்கில் ஒரு நம்பர் போனால் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

இனி திரவம். பலர் மை வாசனையைத்தான் பயப்படுகிறார்கள். சாதாரண ஆஃப்செட் மை எண்ணெயும் பிசினும் சேர்ந்தது. காற்றுப் பட்டு இறுகும். அதிலிருந்து எழும் ஆவி குறைவு. உங்கள் தம்பியின் தலைவலி மையிலிருந்து வருகிறது என்று நான் நினைக்கவில்லை. சந்தேகம் முழுதும் பெட்ரோல் மேலும் ஸ்கிரீன் அறைத் தின்னர் மேலும்தான்.

மண்ணெண்ணெய் பிளாங்கெட்டில் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுவிடுகிறது, அடுத்த வேலையில் முதல் ஐம்பது தாள் கெட்டுப்போகிறது, அதனால்தான் பெட்ரோல் கலக்கிறீர்கள். காரணம் புரிகிறது. ஆனால் பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும், நரம்பைக் கெடுக்கும் ஹெக்சேனும் உண்டு. அது சுழியத்துக்குக் கீழ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவி விடுகிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த அளவு 35 டிகிரிக்கு மேல் என்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்ப் பகல் வெப்பமே அதைத் தாண்டுகிறது என்பதால் அதுவும் அப்போது நம்பத்தக்கது அல்ல. கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் கலவை முழுதும் பெட்ரோலைப் போலவே தீப்பிடிக்கும். மை விற்கும் கடைகளிலேயே 60 டிகிரிக்கு மேல் தீப்பற்றும் நிலை கொண்ட பிளாங்கெட் வாஷ் கிடைக்கிறது. விலை கூடுதல். மெதுவாகக் காயும், கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்தால் பிசுக்குப் போய்விடும். பெட்ரோலும் தின்னரும் ரப்பரை ஊதவைத்துப் பிளாங்கெட்டின் ஆயுளைக் குறைக்கும்; அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் விலை வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல.

வாங்கும்போது அந்தத் திரவத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். கடைக்காரர் தரத் தயங்கினால் பெயரில்லாத கேனை வாங்காதீர்கள். சும்மா பயமுறுத்தவில்லை. ஜப்பானின் ஒசாகாவில் ஒரு சிறு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை செய்த இளம் வயதினர் பத்துப் பேருக்கு மேல், அந்த வயதில் மிக அரிதாக வரும் பித்தநாளப் புற்றுநோய்க்கு ஆளானது 2012இல் வெளியே தெரிந்தது. அவர்கள் பிளாங்கெட் துடைக்கப் பயன்படுத்திய திரவத்தில் 1,2-டைகுளோரோபுரோப்பேன் இருந்தது. காற்றோட்டம் மோசமான அறை அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் அந்தப் பொருளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. தகவல் தாளில் அந்தப் பெயரோ, டைகுளோரோமீத்தேன் என்ற பெயரோ இருந்தால் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கிரீன் அறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தாம்பூலப் பையில் மை காய்கிறது என்றால் அதிலுள்ள கரைப்பான் முழுதும் அறைக் காற்றுக்குள் வந்துவிட்டது என்று பொருள். ஸ்கிரீன் சட்டகத்தில் ஊற்றிக் கழுவும் தின்னரும் அப்படியே. உங்கள் பின்னறை 12 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம்; அதாவது சுமார் 51 கன மீட்டர். டீ டம்ளரில் மூன்று டம்ளர், ஏறக்குறைய 300 மில்லி தின்னர், அது முழுக்க டொலுயீன் என்றால், ஆவியான பின் 69 லிட்டர் இடம் பிடிக்கும். மூடிய அறையில் அது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 1,300 பங்கு. எட்டு மணி நேரச் சராசரிக்குத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை வைத்த வரம்பு 100. ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரம் பை அடிக்கும் நாளில் இதற்கு மேலும் செலவாகும். தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே ஃபேன் வருகிறது. மணிக்கு 600 கன மீட்டர் காற்றை உண்மையில் வெளியே தள்ளும் ஃபேன் என்றால் (பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை நம்பாமல் பாதியாகக் கொள்ளுங்கள்) இந்த அறைக் காற்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். காற்று ஒழுங்காகக் கலந்தால் 1,300 என்பது 100 ஆகக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆகும். மூலை முடுக்குகளில் ஆவி தங்கும் என்பதால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட விடுங்கள். ஆனால் இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைப் பொறுத்திருக்கிறது. வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் சத்தம்தான் மிச்சம். உள்ளே வரும் காற்று, வேலை செய்பவரைக் கடந்து, பிறகு தின்னரைக் கடந்து வெளியேற வேண்டும். கதவுக்குப் பக்கத்திலேயே ஃபேன் வைத்தால் கதவு வழியே வந்த காற்று அப்படியே திரும்பிப் போய்விடும். அறை அப்படியே இருக்கும்.

உயரமும் முக்கியம். டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். திறந்த தட்டிலிருந்து வழியும் ஆவி, வாய்க்கால் தண்ணீர் போலத் தாழ்வான இடம் தேடித் தரையோடு போகும். நம் ஆட்கள் வழக்கமாகக் கூரை ஓரத்து வென்டிலேட்டரில் ஃபேனை மாட்டிவிடுகிறார்கள். அது வெப்பத்தை இழுக்கும், ஆவியை அவ்வளவாக இழுக்காது. கழுவும் இடத்துக்குப் பின் சுவரில், தரையிலிருந்து ஓர் அடிக்குள் துளை போட்டு மாட்டுங்கள். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. ஏசியும் அதே காற்றைத்தான் சுற்றவிடும். கும்பகோணத்து நீள வீடுகளில் முன்னறையில் அச்சகமும், உள்ளே முற்றமும், அதன் பின் குடித்தனமும் இருப்பதைப் பார்க்கிறேன். முற்றத்தின் பக்கம் ஃபேனைத் திருப்பினால் ஆவி முழுதும் வீட்டுக்குள் போகும். தெருவுக்கோ கொல்லைக்கோ திருப்புங்கள். பெட்ரோல் ஆவியானாலும் தின்னர் ஆவியானாலும் தரை மட்ட ஃபேன் மோட்டாரே தீப்பொறிக்குக் காரணமாகலாம் என்பதால் முதலில் பெட்ரோலை நிறுத்திவிட்டு, பிறகு தீப்பொறி வெளியே வராத மோட்டார் கொண்ட ஃபேனை மாட்டுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சன்னலைத் திறக்க முடியாது என்பீர்கள். தாள் ஈரம் குடித்துச் சுருளும், நிறம் ஒட்டாமல் விலகும், உண்மைதான். தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கும் மார்கழி இரவுகளிலும் அப்படியே. அச்சடிக்கும்போது சாத்திக்கொள்ளுங்கள். கழுவத் தொடங்கும் முன் தாள் கட்டுகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்திவிட்டு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் மூடப்பட்ட தாளுக்கு ஒன்றும் ஆகாது.

கழுவும் நேரமும் விளக்கேற்றும் நேரமும் ஒன்றாக வருவதைப் பல அச்சகங்களில் கவனித்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்குச் சாமி படத்தின் முன் விளக்கும் ஊதுபத்தியும், வெள்ளிக்கிழமையென்றால் கற்பூரமும். ஆவி தரையோடு வெகு தூரம் போகும். பத்தடி தள்ளி எரியும் தீயிலிருந்து பற்றித் தட்டுக்குத் திரும்பி வரும். விளக்கை முதலில் ஏற்றி, அது குளிர்ந்த பின் கழுவுங்கள். அல்லது கழுவி, ஃபேன் அரை மணி நேரம் ஓடிய பின் ஏற்றுங்கள். இன்வெர்ட்டரும் அந்த அறைத் தரையில் இருக்க வேண்டாம். துடைத்த துணியைத் தாள் குப்பையோடு போடாதீர்கள். மையிலுள்ள உலரும் எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கிறது. அமுக்கிய குவியலில் அந்தச் சூடு வெளியேற வழியின்றி, தீக்குச்சியே இல்லாமல் நள்ளிரவில் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அன்றன்றைக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். மூடி போட்ட டப்பா ஆவியையும் அடக்குகிறது.

இப்போது உங்கள் தம்பி. ஞாயிற்றுக்கிழமை தலைவலி இல்லாமல், திங்கட்கிழமை மாலை திரும்ப வருகிறதா என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். அப்படி வந்தால் காரணம் அச்சகக் காற்று என்பதற்கு வலுவான அடையாளம். வாசனையே தெரியவில்லையே என்று அவர் சொன்னால் அதை நம்ப வேண்டாம். அரை மணி நேரத்தில் மூக்குப் பழகிவிடும், வெளியிலிருந்து வருபவருக்குத்தான் தெரியும். மாஸ்க் என்று துணியோ மருத்துவ மாஸ்க்கோ கட்டுவது தூசுக்குத்தான், ஆவிக்குப் பயனில்லை. கையை மாலையில் தின்னரில் கழுவுகிறாரா என்றும் கேளுங்கள். தோல் வறண்டு வெடிப்பதோடு கரைப்பான் தோல் வழியாகவும் உடலுக்குள் போகிறது. ஆஃப்செட் மைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்பு போட்டால் போய்விடும். நைட்ரைல் கையுறை மண்ணெண்ணெய்க்குத் தாங்கும். தின்னர் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். எந்தக் கையுறையும் ஓடும் உருளை அருகே கூடாது, அதுவும் சிக்கும் பொருள்தான்.

கடைசியாக, அவருக்குக் கால் விரல்கள் மரத்துப்போகின்றனவா, நடக்கும்போது செருப்பு கழன்று போவது தெரியாமல் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஹெக்சேன் நரம்பைத் தாக்கும்போது முதலில் பாதத்தில்தான் தெரியும். அப்படி ஏதும் இருந்தால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தலைவலி மட்டும் என்றாலும் மருத்துவரிடம் அச்சகத்தில் வேலை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பயன்படுத்தும் கேன்களின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து எடுத்துப் போங்கள். லேபிளே இல்லாத கேன் என்றால் எந்தக் கடையில் என்ன பெயர் சொல்லி வாங்கினீர்கள் என்பதையாவது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.